முதல் நான்கு நொடியும் கடைசி இருபது நொடியும்

(டியூஷன் ஆசிரியர்களுக்கான பயிலரங்கு ஒன்றில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



பாட வீடியோ எடுக்கத் தொடங்கும் டியூஷன் ஆசிரியர்கள் பலரும் முதலில் செய்து முடிப்பது இன்ட்ரோவைத்தான். கைப்பேசிச் செயலி ஒன்றில் தங்க நிற எழுத்துகள் சுழன்று வருகின்றன. பின்னால் ஒரு சினிமாப் பாட்டின் இசை. டியூஷன் மையத்தின் பெயர், கைப்பேசி எண், இந்தக் கல்வியாண்டு, “சேர்க்கை நடைபெறுகிறது” என்ற அறிவிப்பு, ஆசிரியரின் புகைப்படம் எல்லாம் அதில் ஏறிவிடுகின்றன. மொத்தம் பதினைந்து இருபது நொடி. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. அதற்குப் பிறகுதான் பாடமே எடுக்கப்படுகிறது.

இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பதுதான் இன்று நான் சொல்ல வந்தது. இன்ட்ரோ கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை. அதற்கு முன்னால் முடிவுசெய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. எவையெல்லாம் படத்துக்குள்ளேயே பதிந்துபோகும், எவையெல்லாம் படத்துக்கு வெளியே இருந்து பின்னால் மாற்றத்தக்கவை என்று பிரித்துக்கொள்வதுதான் அது.

யூடியூபில் ஏற்றிய வீடியோவை எடுத்துவிட்டு அதே முகவரியில் வேறு வீடியோவை வைக்க முடியாது. தலைப்பை மாற்றலாம், விவரக்குறிப்பை மாற்றலாம், தம்ப்நெயிலை மாற்றலாம், முடிவில் தோன்றும் அடுத்த வீடியோப் பெட்டிகளை மாற்றலாம். யூடியூப் ஸ்டுடியோவில் உள்ள எடிட்டரைக் கொண்டு ஒரு பகுதியை வெட்டியும் எடுக்கலாம். ஆனால் படத்துக்குள் எழுதிய ஒரு கைப்பேசி எண்ணைத் திருத்த வழியில்லை. ஒரு வீடியோவில் இருந்தால் அது சிறு சங்கடம். டெம்ப்ளேட்டில் இருந்தால் எண்பது வீடியோவிலும் இருக்கும். டெம்ப்ளேட் உங்கள் உழைப்பைப் பெருக்கித் தருவதுபோலவே பிழையையும் பெருக்கித் தரும். சினிமாப் பாட்டுக்கும் இதே கதிதான். அந்த இசையின் உரிமையாளர் சார்பில் யூடியூபின் தானியங்கி முறை உரிமை கோரினால், கோரிக்கை எண்பது வீடியோவின் மேலும் விழும். யூடியூப் ஸ்டுடியோவிலேயே இலவச இசைத் தொகுப்பு இருக்கிறது. அதில் நான்கு நொடித் துண்டு ஒன்று கிடைக்காமல் போகாது.

ஆகவே முதல் விதி இது. காலாவதியாகும் எதுவும் இன்ட்ரோவிலும் அவுட்ரோவிலும் வரக்கூடாது. கைப்பேசி எண், கட்டணம், வகுப்பு நேரம், கல்வியாண்டு, கட்டடத்தின் முகவரி, பாடநூலின் பக்க எண் எல்லாம் விவரக்குறிப்புக்குப் போகட்டும். பாடநூல் மறுபதிப்பில் பக்கம் மாறினால் அங்கே ஒரு வரியைத் திருத்தினால் போதும். பல வீடியோக்களைத் தேர்ந்தெடுத்து, அவற்றின் விவரக்குறிப்பை ஒரே நேரத்தில் திருத்தும் வசதியும் ஸ்டுடியோவில் உண்டு. இன்ட்ரோவில் என்னதான் மிஞ்சும் என்று கேட்பீர்கள். உங்கள் பெயர் அல்லது மையத்தின் பெயர், வகுப்பு, பாடம். அவ்வளவே. நான்கு நொடிக்கு அது தாராளம்.

ஏன் நான்கு நொடி? பிலிப் குவோ, ஜூஹோ கிம், ராப் ரூபின் மூவரும் 2014இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். எடெக்ஸ் தளத்தின் நான்கு பாடத்திட்டங்களில் இருந்த 862 வீடியோக்களை மாணவர்கள் பார்த்த 69 லட்சம் அமர்வுகளின் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வு அது. வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும், நடுத்தர மாணவர் அதில் செலவிடும் நேரம் ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை என்று அவர்கள் கண்டார்கள். ஆறு நிமிடத்தில் இருபது நொடி என்பது சிறிய பங்கு அல்ல. அதைவிட முக்கியமானது, நம் மாணவர் பார்க்கும் விதம். தேர்வுக்கு முந்தின இரவு ஒரு அலகின் வீடியோக்களை வரிசையாக ஓடவிடுகிற பிள்ளைக்கு அதே இன்ட்ரோ திரும்பத் திரும்ப வரும். மூன்றாவது முறையிலேயே விரலால் தள்ளிவிடப் பழகுவார். தள்ளும்போது பாடத்தின் முதல் வாக்கியமும் சேர்ந்து போய்விடும்.

அதே ஆய்வில் இன்னொன்றும் உண்டு. ஸ்லைடுகளை வைத்துப் பேசும் வீடியோவைவிட, கான் அகாடமி பாணியில் கையால் எழுதிக்கொண்டே விளக்கும் வீடியோவை மாணவர்கள் கூடுதல் நேரம் பார்த்தார்கள். சல்மான் கான் 2004இல் தன் உறவுக்காரச் சிறுமிக்குத் தொலைவிலிருந்து கணக்குச் சொல்லித்தரத் தொடங்கியவர். 2006இல் யூடியூபில் பாடங்களை ஏற்றினார். அந்த வீடியோக்களில் அவர் முகம் தெரியாது. கறுப்புப் பின்னணி, பல வண்ணக் கையெழுத்து, ஒரு குரல். எந்தப் பாடத்தைத் திறந்தாலும் அதே கறுப்புத் திரை. அவருடைய டெம்ப்ளேட் இன்ட்ரோவில் இல்லை, பாடம் நடக்கும் இடத்திலேயே இருந்தது. பிள்ளைக்கு எது எங்கே வரும் என்று தெரிந்துவிட்டால் கண் தேடி அலைவதில்லை. ஒரே மாதிரியாக வைப்பதன் பயனே அதுதான்.

இனி ஒரு பாடத்தை முழுதாக எடுத்துச் செய்து பார்ப்போம். தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்புக் கணக்கு, இரண்டாவது அலகு, எண்களும் தொடர்வரிசைகளும். யூக்ளிடின் வகுத்தல் துணைத்தேற்றத்தில் தொடங்கி, கூட்டுத் தொடர்வரிசை, பெருக்குத் தொடர்வரிசை, சிறப்புத் தொடர்கள் என்று போகும் அலகு அது. நாம் எடுக்கப்போவது கூட்டுத் தொடர்வரிசையின் பொது உறுப்பு.

வீடியோ வணக்கத்தோடு தொடங்க வேண்டாம், இன்ட்ரோவோடும் தொடங்க வேண்டாம். கேள்வியோடு தொடங்கட்டும். “3, 7, 11, 15 என்று போகும் வரிசையில் 403 வருமா? வந்தால் எத்தனையாவது இடத்தில்?” பத்து நொடி. இந்தக் கேள்விக்காகத்தான் அந்தப் பிள்ளை வந்திருக்கிறார், சரியான இடத்துக்கு வந்துவிட்டோம் என்று அவருக்குத் தெரிகிறது. அதற்குப் பிறகு நான்கு நொடி இன்ட்ரோ. பிறகு கருத்து: முதல் உறுப்பிலிருந்து n ஆவது உறுப்புக்குப் போக n அடி வைக்க வேண்டுமா, n−1 அடியா என்பதை எண்கோட்டில் காட்டுவது. அதிலிருந்து tₙ = a + (n−1)d தானாக வரும். அடுத்து எடுத்த கேள்விக்கு விடை: 3 + (n−1)×4 = 403, ஆகவே n−1 = 100, n = 101. பிறகு மாணவருக்கு ஒரு கணக்கு. பிறகு வழக்கமாக வரும் தவறு. n−1 என்பதை மறந்து 3 + 4n = 403 என்று எழுதி, விடை 100 என்று முடிக்கும் தவறு அது. கடைசியில் வீட்டுக்கணக்கு: இதே வரிசையில் 250 ஓர் உறுப்பா? 247ஐ நான்கால் வகுத்தால் மீதி வரும், ஆகவே இல்லை. முழுதும் ஐந்தே முக்கால் நிமிடத்துக்குள் அடங்கும்.

இந்தப் பாடத்திலிருந்து டெம்ப்ளேட்டை எடுக்கும் முறை எளிது. அடுத்த பாடத்திலும் மாறாமல் வரும் இடங்களைப் பாருங்கள். கேள்வி அட்டை, சூத்திர அட்டை, “நிறுத்திவிட்டுச் செய்து பாருங்கள்” அட்டை, தவறு அட்டை, வீட்டுக்கணக்கு அட்டை. ஐந்துதான். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம், ஓர் இடம். தவறு அட்டைக்கு ஒரு நிறத்தைக் கொடுத்துவிட்டால் அதை வேறெதற்கும் பயன்படுத்தாதீர்கள். சில வாரம் பார்த்த பிள்ளைகள் அந்த நிறம் வந்ததும் நிமிர்ந்து உட்காருவார்கள். நிறுத்தும் அட்டை ஐந்து நொடி நிற்கட்டும், அப்போது இசையும் வேண்டாம், பேச்சும் வேண்டாம். அதற்கும் குறைந்தால் கைப்பேசியில் நிறுத்தும் குறியைத் தொடுவதற்குள் விடை வந்துவிடும்.

ஐந்து அட்டைகளையும் முடிவாக்குவதற்கு முன், தன்மையில் வேறுபட்ட மூன்று பாடங்களை அவற்றில் எடுத்துப் பாருங்கள். கருத்து விளக்கும் பாடம் ஒன்று, நீண்ட கணக்கு ஒன்று, வடிவியல் வரைதல் ஒன்று. முதல் இரண்டில் பொருந்துவது மூன்றாவதில் உடையும். தொடுகோடு வரைய காம்பஸை வைத்துச் சுழற்றும்போது தாள் முழுதும் தெரிய வேண்டும். மேலே தலைப்புப் பட்டையும் ஓரத்தில் சூத்திரப் பெட்டியும் நின்றால் வட்டம் அவற்றுக்கு அடியில் போய்விடும். எனவே வடிவியலுக்குப் பட்டைகள் இல்லாத ஓர் அமைப்பைத் தனியாக வைத்துக்கொள்வது நல்லது. பாடத்தை டெம்ப்ளேட்டுக்குள் அடைக்க முயன்றால் நஷ்டப்படுவது பாடம்தான்.

எழுத்து பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தமிழில் வீடியோ செய்கிறவர்களுக்கு மட்டும் வரும் சிக்கல்கள் இங்கே இருக்கின்றன.

முதலாவது, யூனிகோட் எழுத்துருவையே பயன்படுத்துங்கள். டி.டி.பி. கடைகளில் இன்னும் பாமினி போன்ற பழைய முறை எழுத்துருக்கள் ஓடுகின்றன. அதில் தட்டிய தலைப்பை விவரக்குறிப்பில் ஒட்டினால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக விழும். நோட்டோ சான்ஸ் தமிழ், கேட்டமரன், முக்த மலர் ஆகிய யூனிகோட் எழுத்துருக்கள் திறந்த உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒன்றைத் தேர்ந்துகொண்டு தொடர் முழுதும் அதையே வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, எடிட்டிங் மென்பொருள் தமிழைச் சரியாகக் கோக்கிறதா என்று சோதியுங்கள். சோதனைச் சொல் நம் பாடத்திலேயே இருக்கிறது: தொடர்வரிசை. “தொ” என்ற எழுத்தில் கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் நிற்க வேண்டும். சில மென்பொருள்களில் கொம்பு இடம் மாறித் “த”வுக்குப் பின்னால் போய் நிற்கும், அல்லது புள்ளி வட்டம் ஒன்று நடுவில் முளைக்கும். அப்படியானால் அந்த மென்பொருளோடு போராட வேண்டாம். லிப்ரே ஆபீஸ் இம்ப்ரெஸ்ஸிலோ இங்க்ஸ்கேப்பிலோ அட்டையைச் செய்து, பின்னணி இல்லாத பி.என்.ஜி. படமாக எடுத்து வீடியோவின் மேல் வைத்துவிடுங்கள்.

மூன்றாவது நீளம். தமிழ்த் தலைப்புகள் நீளமானவை. அட்டையை “கணங்கள்” என்ற தலைப்பை வைத்து வடிவமைத்தால் அழகாக இருக்கும். பிறகு “யூக்ளிடின் வகுத்தல் துணைத்தேற்றம்” வரும்போது இரண்டு பக்கமும் வெளியே வழியும். ஆகவே பாடத்திட்டம் முழுவதையும் புரட்டி, இருப்பதிலேயே நீளமான தலைப்பை எடுத்து, அதை வைத்துத்தான் முதல் அட்டையைச் செய்ய வேண்டும். அது அடங்கினால் மற்றவை அடங்கும். வரிகளுக்கு நடுவே இடைவெளியும் ஆங்கிலத்தைவிடக் கூடுதலாக வேண்டும். கீ, தீ போன்றவை மேலே வளரும், மூ, ழு போன்றவை கீழே இறங்கும். நெருக்கிவைத்தால் இரண்டு வரிகளும் ஒன்றையொன்று உரசும். 1080 புள்ளி உயரமுள்ள படத்தில் எழுத்து 60 புள்ளிக்குக் குறையாமல் நான் பார்த்துக்கொள்வேன். பல பிள்ளைகள் கைப்பேசியைச் செங்குத்தாகப் பிடித்தே பார்க்கிறார்கள். அப்போது நம் வீடியோ மேலே ஒரு சின்னப் பட்டையாகத்தான் இருக்கும். கணினித் திரையில் பார்த்துவிட்டுத் திருப்தி அடையாமல் அந்தப் பட்டையில் படிக்க முடிகிறதா என்று பாருங்கள்.

நான்காவது, திரையில் எங்கே எழுதக்கூடாது என்பது. கீழ்ப்பகுதியில் ஐந்தில் ஒரு பங்கை விட்டுவிடுங்கள். வசன வரிகளும் வீடியோவை நகர்த்தும் கோடும் அங்கேதான் வரும். தம்ப்நெயிலில் வலது கீழ்மூலையை விடுங்கள். வீடியோவின் நேர அளவை யூடியூப் அங்கே ஒட்டுகிறது. பாட எண்ணை அந்த மூலையில் போட்டு, அது தெரியவே தெரியாத தம்ப்நெயில்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

எந்த மென்பொருள் என்று கேட்பீர்கள். பணம் செலவழிக்காமல் இந்த வேலைக்கு கேடென்லைவ் போதும். அதில் டைட்டில் டெம்ப்ளேட் என்று ஒரு வசதி உண்டு. டைட்டில் செய்யும்போது பாடத்தின் பெயர் வரவேண்டிய இடத்தில் இந்தக் குறியைத் தட்டுங்கள்:

```
%s
```

அதை `.kdenlivetitle` கோப்பாகச் சேமித்துக்கொள்ளுங்கள். அடுத்த பாடத்தில் `Add Template Title` என்பதைத் தேர்ந்து, அந்தக் கோப்பைக் காட்டி, துண்டின் விவரப் பெட்டியில் பாடத்தின் பெயரைத் தட்டினால் அந்தக் குறி இருந்த இடத்தில் பெயர் வந்து அமரும். நிறம், அளவு, இடம் எதையும் தொட வேண்டியதில்லை. ஒரு குறை இருக்கிறது. பெயர் நீளமானால் எழுத்து தானாகச் சுருங்காது. நீளமான தலைப்பை வைத்துத் தொடங்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதோடு ஓர் அடிப்படைப் புராஜெக்ட் கோப்பும் வேண்டும். முதலில் கேள்விக்கு வெற்றிடம், பிறகு இன்ட்ரோ, பிறகு அட்டைகள், கடைசியில் அவுட்ரோ என்று டைம்லைனில் அடுக்கி வைத்த கோப்பு. அதை ஒருபோதும் திறந்து வேலை செய்யக் கூடாது. ஒவ்வொரு பாடத்துக்கும் நகல் எடுத்து நகலில்தான் வேலை. கோப்பின் பண்புகளில் படிக்க மட்டும் என்று குறித்துவிட்டால் கை தவறி மேலே சேமிக்கும் ஆபத்தும் போய்விடும். அடுக்கு இப்படி இருக்கலாம்:

```
10M/
  00_template/
    lesson_base.kdenlive
    title.kdenlivetitle
    intro_v1.mov
    outro_v1.mov
  02_05/
    raw/
    10M_02_05.kdenlive
    10M_02_05.mp4
```

`10M_02_05` என்றால் பத்தாம் வகுப்புக் கணக்கு, இரண்டாம் அலகு, ஐந்தாம் பாடம். கோப்புக்கு “புதிய பாடம் இறுதி” என்று பெயர் வைக்கும் பழக்கத்தை விட்டுவிட்டால் ஒரு வருடம் கழித்தும் தேடியது கிடைக்கும். ஆனால் இந்த எண்ணை மாணவருக்குக் காட்டும் தலைப்பில் முதலில் போடாதீர்கள். அவர் தேடுவது “கூட்டுத் தொடர்வரிசை பொது உறுப்பு” என்பதைத்தான்.

டெம்ப்ளேட் கணினியில் மட்டும் இருப்பதில்லை, படம் பிடிக்கும் மேசையிலும் இருக்கிறது. மேலிருந்து தாளைப் பார்க்கும்படி கைப்பேசியைத் தாங்கியில் பொருத்துகிறீர்கள். இன்று தாள் நேராக இருக்கும், நாளை சற்றே சாய்ந்திருக்கும், மறுநாள் கைப்பேசி அரை அங்குலம் உயர்ந்திருக்கும். அட்டைகள் ஒரே இடத்தில் நிற்க, தாள் மட்டும் ஒவ்வொரு வீடியோவிலும் அலைந்தால் தொடர் ஒட்டாது. மேசையில் தாளின் நான்கு மூலைக்கும் தாங்கியின் கால்களுக்கும் டேப் ஒட்டி அடையாளம் வையுங்கள். பதிவு தொடங்கும் முன் திரையில் தாளின் மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்ச அளவையும் பூட்டிவிடுங்கள். பூட்டாவிட்டால் கை உள்ளே வரும்போதெல்லாம் தாள் வெளுத்தும் கறுத்தும் போகும். டியூப் லைட் வெளிச்சத்தில் படத்தில் கோடுகள் மிதந்தால், கேமராவின் புரோ அமைப்பில் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 என்று வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் விளக்கு நொடிக்கு நூறு முறை மினுக்குகிறது. இந்த இரண்டு வேகங்களும் அந்த மினுக்கலோடு ஒத்துப்போவதால் கோடுகள் நின்றுவிடும்.

கைப்பேசிப் பதிவில் இன்னொரு கண்ணி இருக்கிறது. நொடிக்கு 30 படம் என்று அமைப்பில் எழுதியிருந்தாலும், பல கைப்பேசிகள் அதைச் சீராகப் பிடிப்பதில்லை. வெளிச்சம் குறைந்தால் 28, கூடினால் 30 என்று அலையும். எடிட்டிங்கில் இன்ட்ரோவோடு இதைச் சேர்க்கும்போது ஒலி மெல்ல விலகத் தொடங்கும். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி: பதிவின் தொடக்கத்தில் ஒரு முறை, முடிவில் ஒரு முறை பேனாவால் மேசையைத் தட்டுங்கள். தொடக்கத்தில் தட்டும் காட்சியும் ஓசையும் ஒன்றாக இருந்து, முடிவில் ஓசை முன்னோ பின்னோ போனால் காரணம் இதுதான். இலவசமாகக் கிடைக்கும் எஃப்.எஃப்.எம்பெக் கருவியில் ஒரே கட்டளையில் சீராக்கிக்கொள்ளலாம்:

```
ffmpeg -i raw.mp4 -vf fps=30 -c:v libx264 -crf 18 -c:a aac -ar 48000 lesson.mp4
```

இன்ட்ரோவும் அவுட்ரோவும் இதே அளவில், அதாவது 1920×1080, நொடிக்கு 30 படம், 48000 ஹெர்ட்ஸ் ஒலி என்றே செய்யப்பட்டிருக்க வேண்டும். துண்டுகளின் அளவுகள் ஒன்றாக இருந்தால் மென்பொருள் நடுவில் எதையும் மாற்ற வேண்டியிராது, இணைப்பில் தடுமாற்றமும் வராது.

ஒலியின் அளவு பற்றி ஒரே ஒரு சொல். காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு, உங்கள் குரலைக் கேட்க ஒலியைக் கூட்டிவைத்திருக்கும் பிள்ளையின் காதில் இன்ட்ரோ இசை அறையக்கூடாது. ஆடாசிட்டியில் `Loudness Normalization` என்ற வசதி இருக்கிறது. குரலை −16 LUFS அளவிலும் இன்ட்ரோ இசையை −20 அளவிலும் வைப்பது என் வழக்கம். குரலின் அளவை ஒவ்வொரு பாடத்துக்கும் இப்படிச் சரிசெய்தால், வரிசையாகப் பார்க்கும் மாணவர் ஒலிப் பொத்தானைத் தொடவே வேண்டியதில்லை.

இப்போது அவுட்ரோ. இதற்கு இருபது நொடி என்று நான் சொல்வதற்குக் காரணம் யூடியூபின் அமைப்பு. முடிவுத் திரையில் அடுத்த வீடியோ, பிளேலிஸ்ட், சப்ஸ்கிரைப் ஆகியவற்றின் பெட்டிகளைக் கடைசி 5 முதல் 20 நொடிக்குள்தான் வைக்க முடியும். அதிகம் நான்கு பெட்டிகள். அந்தப் பெட்டிகளுக்கு இடம் விட்டு அவுட்ரோவை வடிவமைக்க வேண்டும்.

ஆனால் ஒரு சிக்கல். “இத்துடன் இந்தப் பாடம் முடிகிறது, நன்றி” என்ற தொனி கேட்டதுமே பார்ப்பவர் போய்விடுகிறார். அவர் போன பிறகு தோன்றும் பெட்டிகளால் யாருக்கும் பயனில்லை. அதனால்தான் வீட்டுக்கணக்கை அவுட்ரோவுக்குள்ளேயே வைக்கச் சொல்கிறேன். திரையின் இடது பாதியில் “இதே வரிசையில் 250 ஓர் உறுப்பா?” என்ற கேள்வி, வலது பாதியில் பெட்டிகளுக்கான வெற்றிடம். பிள்ளை கேள்வியை நோட்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது அடுத்த பாடம் பக்கத்திலேயே தோன்றும். விடையை அடுத்த வீடியோவின் தொடக்கத்தில் சொல்வதாக அறிவிக்கும் ஆசிரியர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. தேடி வருகிற பிள்ளை நேராக ஆறாவது பாடத்துக்கே வரலாம். தான் பார்க்காத கேள்வியின் விடையோடு பாடம் தொடங்கினால் அவருக்கு ஒன்றும் புரியாது. விடை விவரக்குறிப்பில் இருக்கட்டும்.

“அடுத்து நாம் பார்க்கப்போவது கூட்டுத் தொடர்” என்று குரலில் சொல்வதையும் தவிர்த்துவிடுங்கள். நடுவில் ஒரு பாடத்தைச் சேர்க்க நேர்ந்தால் அந்த வாக்கியம் தவறாகிவிடும். “அடுத்த பாடம் திரையில் இருக்கிறது” என்று சொன்னால் போதும். எது அடுத்த பாடம் என்பதைப் பெட்டி சொல்லும், பெட்டியை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். முடிவுத் திரையின் அமைப்பை முந்தைய வீடியோவிலிருந்து அப்படியே இறக்கிக்கொள்ளவும் ஸ்டுடியோவில் வழி உண்டு. வீடியோ ஏற்றும்போது வரும் `Reuse details` பொத்தான் முந்தைய விவரக்குறிப்பையும் கொண்டுவந்துவிடும்.

சிறு வகுப்புகளுக்கு டியூஷன் எடுப்பவர்கள் இங்கே கவனிக்க வேண்டும். குழந்தைகளுக்கான உள்ளடக்கம் என்று குறிக்கப்பட்ட வீடியோக்களில் முடிவுத் திரைப் பெட்டிகள் வராது, கருத்துப் பகுதியும் இருக்காது. இரண்டாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லித்தரும் தொடர் அந்த வகையில்தான் வரும். வெற்றிடம் விட்டுச் செய்த அவுட்ரோ அங்கே பாதி காலியாக நிற்கும். அவர்களுக்கு அவுட்ரோ பத்து நொடி போதும், கேள்வியைத் திரை முழுதும் வைத்துவிடலாம்.

விவரக்குறிப்பும் ஒரு டெம்ப்ளேட்தான். அதில் நேரக்குறிகளை எழுதினால் வீடியோ அத்தியாயங்களாகப் பிரிந்து தெரியும். முதல் குறி 00:00 ஆக இருக்க வேண்டும், குறைந்தது மூன்று குறிகள் வேண்டும், ஒவ்வொரு பகுதியும் பத்து நொடிக்குக் குறையக் கூடாது. நம் இன்ட்ரோ நான்கே நொடி என்பதால் அதற்குத் தனிக் குறி போட முடியாது, கேள்வியோடு சேர்த்துவிடலாம்:

```
00:00 கேள்வி
00:14 பொது உறுப்பு எப்படி வருகிறது
02:05 403 எத்தனையாவது உறுப்பு?
03:50 நீங்கள் செய்யுங்கள்
04:40 வழக்கமான தவறு
05:20 வீட்டுக்கணக்கு
```

எல்லாப் பாடத்திலும் “வழக்கமான தவறு” என்ற அதே சொற்களை வைத்திருந்தால், தேர்வு நெருங்கும்போது பிள்ளைகள் நேராக அந்த இடத்துக்குப் போய் அலகு முழுவதன் தவறுகளையும் மட்டும் பார்த்துவிட முடியும்.

கடைசியாக, மாற்றம் பற்றி. எல்லாம் முடிவான பிறகும் இன்ட்ரோவை மாற்ற வேண்டிவரும். மையத்தின் பெயர் மாறலாம், நிறம் பிடிக்காமல் போகலாம். அலகின் நடுவில் மாற்றாதீர்கள். இரண்டாம் அலகு `intro_v1` உடனேயே முடியட்டும், மூன்றாம் அலகான இயற்கணிதம் `intro_v2` உடன் தொடங்கட்டும். பழைய கோப்பை அழிக்க வேண்டாம், ஏதோ ஒரு பாடத்தில் கணக்குப் பிழை இருந்து அதை மட்டும் மீண்டும் எடுக்க நேர்ந்தால் அதற்குப் பழைய இன்ட்ரோதான் வேண்டியிருக்கும். ஏற்கெனவே ஏற்றிய வீடியோக்களில் இன்ட்ரோ உண்மையிலேயே ஆகாது என்றால், ஸ்டுடியோ எடிட்டரில் அந்த நான்கு நொடியை வெட்டலாம். வீடியோவின் முகவரி மாறாது. கேள்வி முன்னாலும் இன்ட்ரோ தனித் துண்டாகவும் இருப்பதால் வெட்டிய இடமும் தெரியாது. வெட்டிய பிறகு விவரக்குறிப்பில் உள்ள நேரக்குறிகளை நான்கு நொடி முன்னுக்கு நகர்த்த வேண்டும், முதல் 00:00 மட்டும் அப்படியே இருக்கும்.

`00_template` அடைவுக்குள் எழுத்துருக் கோப்பையும் போட்டு வையுங்கள். இசையை எங்கிருந்து, எந்த உரிமத்தில் எடுத்தீர்கள் என்பதை ஒரு சிறு உரைக் கோப்பில் எழுதி அங்கேயே வையுங்கள். கணினி மாறினாலும், எடிட்டிங் வேலையை முன்னாள் மாணவர் ஒருவரிடம் ஒப்படைத்தாலும், இந்த ஓர் அடைவைக் கொடுத்தால் மறுநாள் பாடம் அதே முகத்தோடு வெளிவரும். இதன் ஒரு நகலைப் பென் டிரைவில் எடுத்து, படம் பிடிக்கும் மேசையின் இழுப்பறையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.